‘சேர்வராயனில் முதன்முறையாக’ என்றால் எடிட்டருக்குப் போதாது: கவர் லெட்டரில் புதுமையைச் சொல்லும் முறை

சேலத்துக் கல்லூரிகளிலிருந்தும் பல்கலைக்கழகத்திலிருந்தும் ஆய்விதழ்களுக்குப் போகும் கவர் லெட்டர்களில் ஒரு வாக்கியம் அடிக்கடி தலைகாட்டும்: “இந்த ஆய்வு சேர்வராயன் மலையில் முதன்முறையாகச் செய்யப்பட்டது.” எழுதியவருக்கு அது பெரிய விஷயம். அட்டை கடித்து, மேடு ஏறி, இரண்டு வருடம் தரவு சேர்த்தவர் அவர். ஆனால் கடிதத்தைப் படிக்கும் எடிட்டர் சேர்வராயனை வரைபடத்தில்கூடப் பார்த்திருக்க மாட்டார். அவர் மனதில் எழும் கேள்வி ஒன்றுதான்: “வேறு மலையில் தெரிந்த விஷயத்தை இந்த மலையிலும் பார்த்திருக்கிறார்கள். அதனால் என்ன?” அதற்குக் கடிதத்தில் பதில் இல்லை என்றால், ரிவ்யூவருக்கே போகாமல் கட்டுரை திரும்பி வரும். டெஸ்க் ரிஜெக்‌ஷன் என்பது அதுதான்.

இடம் புதிது என்பதைப் புதுமையாக மாற்றலாம். அந்த இடத்தில் மட்டும் சோதிக்க முடிகிற கேள்வி ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதைக் கண்டுபிடித்து ஒரு பத்தியில் சொல்வது எப்படி என்பதை ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். எடுத்துக்காட்டில் வரும் ஆய்வும் அதன் எண்களும் விளக்கத்துக்காக அமைத்தவை. யாரும் மேற்கோள் காட்டிவிட வேண்டாம். காப்பியும் பூச்சியும் மழையும் பற்றிய பின்னணி மட்டும் உண்மை.

எடுத்துக்காட்டு ஆய்வு

அராபிகா காப்பியின் பெரிய எதிரி வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு. அறிவியல் பெயர் சைலோட்ரெகஸ் குவாட்ரிபெஸ். தாய் வண்டு பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். புழு உள்ளே குடைந்துகொண்டே போக, தண்டின் மேல் வளையம் வளையமாகப் புடைப்பு தெரியும். இந்தியாவில் வண்டு பறக்கும் பருவம் ஆண்டுக்கு இரண்டு: ஏப்ரல்-மே, அக்டோபர்-டிசம்பர். வெயில் படும் செடியைத்தான் இது அதிகம் தேடிப் போகும். அதனால்தான் நிழலைக் குறைக்காதீர்கள் என்று தோட்டக்காரர்களுக்குக் காலங்காலமாகச் சொல்லப்படுகிறது.

குடகு, சிக்கமகளூரு பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை கொட்டித் தீர்த்துவிடும். அக்டோபருக்குப் பிறகு வெயில் திரும்பும்போது இரண்டாவது பறக்கும் பருவமும் வருகிறது. சேர்வராயனில் கதை வேறு. அங்கே அக்டோபரும் நவம்பரும் மழையும் மேகமுமாக இருக்கும் மாதங்கள். ஆக, மேற்கே ஒன்றாகச் சேர்ந்து வருகிற இரண்டு விஷயங்கள், அதாவது வண்டின் இரண்டாம் பருவமும் வெயிலும், ஏற்காட்டில் பிரிந்து நிற்கின்றன.

ஓர் ஆராய்ச்சி மாணவி 12 எஸ்டேட்டுகளில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் அடர்நிழல் பாத்தி ஒன்று, சில்வர் ஓக் கிளைகளைக் கழித்து நிழல் குறைந்த பாத்தி ஒன்று. ஒவ்வொரு பாத்தியிலும் 40 செடி. அதில் 20 செடிகளின் தண்டுக்கு ஏப்ரல்-மேயில் நைலான் வலை சுற்றுகிறார், மற்ற 20-க்கு அக்டோபர்-டிசம்பரில். ஒரு பருவத்து வண்டு மட்டுமே ஒவ்வொரு செடியையும் தொட முடியும். பிறகு தண்டைப் பிளந்து பார்த்துக் கணக்கெடுக்கிறார்.

ஏப்ரல்-மே வண்டுக்குத் திறந்திருந்த செடிகளில், நிழல் குறைந்த பாத்திகளில் 240-க்கு 43 செடி தாக்கப்பட்டது. அடர்நிழலில் 240-க்கு 14. அக்டோபர்-டிசம்பர் வண்டுக்குத் திறந்திருந்தவற்றில் முறையே 17, 15. முதல் பருவத்தில் மூன்று மடங்கு வித்தியாசம், இரண்டாவதில் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

முதல் வேலை: ஊர்ப் பெயர் போடாமல் தேடுவது

கடிதம் எழுத உட்காரும் முன் இலக்கியத் தேடலை ஒரு முறை திரும்பச் செய்ய வேண்டும். கட்டுரையின் முன்னுரைக்காகத் தேடியது ஒன்றரை வருடத்துக்கு முன்பாக இருக்கும். அதற்குள் யாராவது வெளியிட்டிருக்கலாம். இதில் பலரும் செய்யும் தவறு, தேடல் பெட்டியில் ‘சேர்வராயன்’ அல்லது ‘ஏற்காடு’ என்றும் சேர்த்து அடிப்பது. அப்படித் தேடினால் ஒன்றும் வராது. உடனே ‘நம்மதுதான் முதல்’ என்ற நம்பிக்கை வந்துவிடும். அது தேடலே இல்லை. பூச்சியையும் கேள்வியையும் மட்டும் போட்டுத் தேடுங்கள்:

```
("Xylotrechus quadripes" OR "coffee white stem borer")
AND (shade OR canopy OR season*)
```

இதை ஸ்கோபஸிலும் வெப் ஆஃப் சயின்ஸிலும் இப்படியே போடலாம். கூகுள் ஸ்காலரில் அடைப்புக்குறிகளும் நட்சத்திரக் குறியும் ஒழுங்காக வேலை செய்யாது, சொற்களைத் தனித்தனியாக மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். உங்களுக்கு மிக நெருக்கமான இரண்டு கட்டுரைகள் கிடைத்ததும் அவற்றின் கீழே `Cited by` என்றிருப்பதை அழுத்தி, பின்னால் வந்தவர்கள் என்ன செய்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். சோத்கங்காவையும் வேளாண் ஆய்வேடுகளுக்கான கிருஷிகோஷையும் விடக்கூடாது. காப்பி பற்றிய வேலை என்றால் பாலெஹொன்னூர் மத்திய காப்பி ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகளில் நிறைய பழைய தரவு இருக்கும், எல்லாம் இணையத்தில் வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. ரிவ்யூவராக வரப்போகிறவர் அவற்றைப் படித்தவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

தேடிய தேதி, தேடல் சொற்கள், வந்த எண்ணிக்கை மூன்றையும் ஒரு கோப்பில் எழுதி வையுங்கள். ‘எங்களுக்குத் தெரிந்தவரை முதல் ஆய்வு’ என்று கடிதத்தில் எழுத விரும்பினால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் ஆதாரம் இது ஒன்றுதான். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டலாம்.

புதுமைப் பத்தி

மொத்தக் கடிதமும் ஒரு பக்கத்துக்குள், 300 முதல் 400 ஆங்கிலச் சொற்களுக்குள் அடங்க வேண்டும். அதில் பாதிக்கு மேல் இந்தப் பத்திக்கே போகலாம். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். ஆனால் இந்தப் பத்தியை முதலில் தமிழில், பக்கத்து மேசைக்காரருக்குச் சொல்வதுபோல் எழுதிப் பார்ப்பது நல்லது. ஆங்கிலத்தில் நேரடியாகத் தொடங்கினால் மற்றவர்கள் கடிதத்தில் பார்த்த சொற்றொடர்கள் கையில் வந்து ஒட்டிக்கொள்ளும், உள்ளே விஷயம் இல்லாதது தெரியாமலே போய்விடும்.

பெரும்பாலோர் முதலில் எழுதுவது இப்படி இருக்கும்:

> காப்பி உலகின் முக்கியமான பணப்பயிர். வெள்ளைத் தண்டுத் துளைப்பான் அதைப் பெரிதும் பாதிக்கிறது. சேர்வராயன் மலையில் இதுவரை இதைப் பற்றி யாரும் ஆராயவில்லை. எங்கள் புதுமையான ஆய்வு நிழலுக்கும் தாக்குதலுக்கும் உள்ள தொடர்பை முதன்முறையாக வெளிக்கொணர்கிறது. இது விவசாயிகளுக்கும் கொள்கை வகுப்பவர்களுக்கும் பெரிதும் பயன்படும்.

முதல் இரண்டு வாக்கியமும் எடிட்டருக்குத் தெரிந்தவை. மூன்றாவது, ஊர்ப் பெயர். நான்காவது பொய்யாகவே ஆகிவிடுகிறது, ஏனென்றால் நிழலுக்கும் தாக்குதலுக்கும் தொடர்பு உண்டென்பது பழைய செய்தி. அந்தத் துறையில் இருக்கும் எடிட்டர் அந்த வரியிலேயே நின்றுவிடுவார். கடைசி வாக்கியத்தை எந்தக் கட்டுரைக்கும் ஒட்டலாம். இத்தனைக்கும் நடுவில், வலை சுற்றிப் பருவத்தைப் பிரித்துப் பார்த்த அருமையான வேலை ஒரு சொல்லில்கூட வரவில்லை.

இதை நான்கு கேள்விகளுக்குப் பதிலாக மாற்றி எழுதலாம். இதுவரை எதை நம்பிக்கொண்டிருந்தார்கள்? அதில் சோதிக்கப்படாமல் இருந்தது எது? அதை உங்களால் எப்படிச் சோதிக்க முடிந்தது? என்ன வந்தது?

> நிழல் குறைந்த இடங்களில் வெள்ளைத் தண்டுத் துளைப்பானின் தாக்குதல் அதிகம் என்பது மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் நிறுவப்பட்டது (இங்கே மிக நெருக்கமான ஒன்றிரண்டு கட்டுரைகள்). ஆனால் அங்கே வண்டின் இரண்டு பறக்கும் பருவங்களுமே வெயில் மிகுந்த மாதங்களில் வருவதால், நிழலின் பயன் எல்லாப் பருவத்துக்கும் பொருந்துமா என்பதைப் பிரித்தறிய முடியவில்லை. கிழக்குத் தொடர்ச்சி மலையின் சேர்வராயனில் இரண்டாம் பருவம் மழை மாதங்களில் வருகிறது. 12 எஸ்டேட்டுகளில் 960 செடிகளின் தண்டுகளைப் பருவம் மாற்றி வலையால் மூடி, ஒவ்வொரு பருவத்தின் தாக்குதலையும் தனியாக அளந்தோம். ஏப்ரல்-மேயில் நிழல் குறைந்த பாத்திகளில் தாக்குதல் ஏறக்குறைய மூன்று மடங்கு (18 சதவீதம், 6 சதவீதம்). அக்டோபர்-டிசம்பரில் அத்தகைய வேறுபாட்டைக் காணவில்லை (7 சதவீதம், 6 சதவீதம்). கிளை கழிக்கும் காலத்தைப் பற்றிய பரிந்துரைகள் மழைப் பருவத்தைக் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கலாம் என்பதை இது காட்டுகிறது.

‘புதுமை’ என்ற சொல் இதில் எங்குமே இல்லை. ‘முதன்முறை’யும் இல்லை. ஆனால் படிக்கிறவர் தாமாகவே அந்த முடிவுக்கு வருவார். சேர்வராயனும் உள்ளேதான் இருக்கிறது, இப்போது அது முகவரியாக இல்லாமல் காரணமாக இருக்கிறது. எடிட்டருக்கு அந்த மலை எங்கே என்று தெரிய வேண்டிய அவசியமே இல்லை. அங்கே அக்டோபரில் மழை பெய்யும் என்பது போதும்.

உங்கள் ஆய்வு வேறு துறையாக இருக்கலாம். சேலத்து வெள்ளைக்கல் சுரங்க மண்ணாக இருக்கட்டும், ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீராக இருக்கட்டும், கேட்க வேண்டியது இதுதான்: இந்த இடத்தில் எந்த இரண்டு காரணிகள் பிரிந்து கிடக்கின்றன, அல்லது எது வேறெங்கும் இல்லாத அளவுக்கு இருக்கிறது, அதனால் எந்தக் கேள்வியைச் சோதிக்க முடிந்தது? பதில் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் கடிதத்தில் குறை இல்லை. அந்தக் கட்டுரைக்கு அந்த இதழ் உயரம். வட்டாரத் தரவுகளை விரும்பி வெளியிடும் இதழ்கள் இருக்கின்றன, அங்கே ‘இந்தப் பகுதியின் முதல் பதிவு’ என்பதே நல்ல காரணமாக நிற்கும்.

எவ்வளவு தூரம் போகலாம்

புதுமைப் பத்தி நன்றாக வந்ததும் ஒரு துணிச்சல் வரும். ‘மழைமேகமே நிழலின் வேலையைச் செய்துவிடுகிறது என்று நிரூபித்தோம்’ என்று எழுதத் தோன்றும். அங்கேதான் நிறுத்த வேண்டும். மாணவி வெளிச்சத்தையும் வெப்பத்தையும் தனித்தனியாக அளக்கவில்லை. மழையில் வண்டே குறைவாகப் பறந்திருக்கலாம். தவிர, நிழல் பாத்திகளை அவர் சீட்டுப் போட்டுப் பிரிக்கவில்லை, எஸ்டேட்டில் ஏற்கெனவே இருந்ததைத்தான் எடுத்துக்கொண்டார். ஆகவே வேறுபாடு எந்தப் பருவத்தில் தெரிந்தது, எதில் தெரியவில்லை என்பது வரைதான் அவருடைய தரவு பேசும். ஏன் என்பதற்கு அது பேசாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 17-க்கும் 15-க்கும் இடையில் ‘வேறுபாடு இல்லை’ என்பதும் ‘வேறுபாட்டைக் காணவில்லை’ என்பதும் ஒன்றல்ல. இத்தனை செடியில் சிறிய வேறுபாடு ஒன்று இருந்தால்கூடக் கண்ணில் படாமல் போகும். புள்ளியியல் தெரிந்த எடிட்டர் ‘வேறுபாடு இல்லை’ என்பதைப் பார்த்தால் முகம் சுளிப்பார். அதனால்தான் மாதிரிப் பத்தியில் ‘காணவில்லை’ என்றும், பரிந்துரை வரியில் ‘வேண்டியிருக்கலாம்’ என்றும் இருக்கிறது.

இதைச் சரிபார்க்க எளிய வழி: கடிதத்தை அச்செடுத்து, ஒவ்வொரு உரிமைகோரலுக்கும் பக்கத்தில் கட்டுரையின் வரி எண்ணையோ அட்டவணை எண்ணையோ பென்சிலால் எழுதுங்கள். எண் கிடைக்காத வாக்கியத்தை அடித்துவிடுங்கள். பிறகு கட்டுரைச் சுருக்கத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எடிட்டர் கடிதத்தை முடித்ததும் அடுத்துத் திறப்பது சுருக்கத்தைத்தான். கடிதத்தில் ‘மூன்று மடங்கு’, சுருக்கத்தில் ‘ஓரளவு அதிகம்’ என்றிருந்தால் கடிதத்தைத்தான் சந்தேகிப்பார். பல சமயம் இந்த ஒப்பீட்டில் தெரிய வருவது, கடிதம் நன்றாகவும் சுருக்கம் மொண்ணையாகவும் இருக்கிறது என்பது. அப்படியானால் திருத்த வேண்டியது சுருக்கத்தை. கடிதம் பெரும்பாலான இதழ்களில் ரிவ்யூவர் கைக்குப் போகாது. அதில் மட்டும் புதுமையைச் சொல்லி, கட்டுரையின் முன்னுரையில் விட்டுவிட்டால் ரிவ்யூவர் ‘புதிதாக ஒன்றும் இல்லை’ என்று எழுதி அனுப்புவார்.

இந்த இதழுக்கு ஏன்

இதற்கு இரண்டு வாக்கியம் போதும், ஆனால் இதழுக்கு இதழ் மாற வேண்டும். மேலே உள்ள ஆய்வை ‘கிராப் ப்ரொடெக்‌ஷன்’ இதழுக்கு அனுப்பினால், எந்தப் பருவத்துக்கு முன்னால் தோட்டத்தில் என்ன செய்யலாம் என்பது முன்னால் வர வேண்டும். ‘அக்ரோஃபாரஸ்ட்ரி சிஸ்டம்ஸ்’ இதழுக்கு என்றால் சில்வர் ஓக் நிழலும் கிளை கழிக்கும் காலமும் முன்னால் வர வேண்டும். பூச்சியியல் இதழ் என்றால் வண்டு எந்தச் சூழலில் எந்தச் செடியைத் தேர்கிறது என்ற கேள்வி. தரவு அதேதான், கடைசி வாக்கியம் மட்டும் வேறு. அந்த இதழில் அண்மையில் வந்த, உங்கள் கேள்வியோடு உண்மையிலேயே தொடர்புள்ள கட்டுரை ஒன்றைச் சுட்டலாம். ‘உங்கள் மதிப்புக்குரிய, உலகப் புகழ்பெற்ற இதழ்’ என்ற பாராட்டு தேவையில்லை. இதழின் இம்பாக்ட் ஃபேக்டரைக் கடிதத்தில் சொல்வது இன்னும் மோசம்.

மற்ற பகுதிகள்

தொடக்கத்தில் தேதி, இதழின் பெயர், எடிட்டரின் பெயர். எடிட்டோரியல் போர்டு பக்கத்தில் தலைமை எடிட்டரின் பெயர் இருக்கும்; இருவர் இருந்தால் இருவரையும் போடலாம். நம் பக்கத்தில் விண்ணப்பக் கடிதப் பழக்கத்தில் ‘ரெஸ்பெக்டட் சார்’ என்று தொடங்குவோம். எடிட்டர் பெண்ணாக இருந்தால் அதோடு முடிந்தது. ‘டியர் டாக்டர்’ என்று போட்டுக் குடும்பப் பெயரை எழுதுவது பாதுகாப்பு. முதல் பத்தி ஒரே வாக்கியம்: கட்டுரையின் தலைப்பு, எந்த வகை (முழு ஆய்வுக் கட்டுரையா, குறுங்கட்டுரையா). அதற்கடுத்து நேராகப் புதுமைப் பத்தி.

கடைசிப் பத்தியில் வழக்கமான உறுதிமொழிகள்: வேறெங்கும் பரிசீலனையில் இல்லை, எல்லா ஆசிரியர்களும் படித்து ஒப்புக்கொண்டார்கள், நலன் முரண்பாடு உண்டா இல்லையா. இதில் ஆராய்ச்சி மாணவர்கள் மறைத்துவிடுவது ஆய்வேட்டை. பி.எச்.டி. ஆய்வேட்டின் ஓர் அத்தியாயம்தான் இந்தக் கட்டுரை என்றால், அது சோத்கங்காவில் ஏறியிருந்தால், திருட்டு கண்டறியும் மென்பொருள் பெரிய சதவீதத்தைக் காட்டும். ‘இதன் ஒரு பகுதி முதல் ஆசிரியரின் ஆய்வேட்டில் உள்ளது’ என்று ஒரு வரி முன்கூட்டியே எழுதிவிட்டால் அந்தச் சதவீதம் எடிட்டரைத் திடுக்கிட வைக்காது. ப்ரீபிரிண்ட் போட்டிருந்தால் அதையும், மாநாட்டுச் சுருக்கமாக வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். பல இதழ்கள் ஆய்வேட்டை முன்வெளியீடாகக் கருதுவதில்லை. ஆனாலும் அந்த இதழின் விதியை ஒரு முறை படித்துவிடுங்கள்.

வைவா நெருங்குகிறது, சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்ற வேண்டுகோள் கடிதத்தில் வரக்கூடாது. எடிட்டர் அதற்காக ஒரு நாளும் முந்திச் செய்யப்போவதில்லை. அவசரத்தில் எழுதிய கட்டுரையோ என்ற எண்ணம்தான் வரும். ரிவ்யூவர் பெயர்களைப் பரிந்துரைக்க இதழ் கேட்டால் சப்மிஷன் தளத்தில் தனிப் பெட்டி இருக்கும். கைடோடு சேர்ந்து கட்டுரை எழுதியவர்களையும் பக்கத்துத் துறைக்காரர்களையும் அதில் தவிர்த்து, நிறுவன மின்னஞ்சல் உள்ளவர்களைக் கொடுங்கள்.

கையெழுத்து, தொடர்பு ஆசிரியருடையது. அது கைடாக இருந்தால் கடிதத்தை நீங்கள் எழுதினாலும் அவர் படித்து ஒப்புக்கொள்ள வேண்டும்; தளத்தில் தொடர்பு ஆசிரியராகப் பதிவாகும் பெயரும் கடிதத்தின் கீழே உள்ள பெயரும் ஒன்றாக இருக்கட்டும்.

திரும்பி வந்தால்

டெஸ்க் ரிஜெக்‌ஷன் கடிதம் பெரும்பாலும் பொதுவான வாசகமாக இருக்கும். அதில் ஒரு வரி மட்டும் உங்களுக்காக எழுதியதாக இருந்தால் அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘வட்டார முக்கியத்துவம்தான் உள்ளது’ என்று வந்தால் இடம் இன்னும் முகவரியாகவே நிற்கிறது என்று அர்த்தம்; புதுமைப் பத்தியின் இரண்டாவது வாக்கியத்தைத்தான் திருத்த வேண்டும். ‘இதழின் எல்லைக்குள் இல்லை’ என்று வந்தால் பிழை கடைசி வாக்கியத்தில். சில பதிப்பகங்கள் தங்களுடைய வேறொரு இதழுக்கு மாற்றிவிடட்டுமா என்று கேட்கும். சரி என்று அழுத்தினால் பழைய கவர் லெட்டரும் கோப்புகளோடு சேர்ந்து போய்விடக்கூடும். மாற்றத்தை முடிக்கும் முன் அந்தக் கோப்பை நீக்கி, புதிய இதழின் பெயரும் அதற்கேற்ற கடைசி வாக்கியமும் கொண்ட கடிதத்தை ஏற்றுங்கள். ஏற்றியதும் தளம் உருவாக்கித் தரும் பிடிஎஃப்பைத் திறந்து, பழைய இதழின் பெயர் எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.